தள்ளிவிட ஆள் வேண்டும்

1913ஆம் ஆண்டு ரெனே லொரான் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் ஒரு விமானப் பத்திரிகையில் புதுவிதமான எஞ்சினைப் பற்றி எழுதினார். அதில் பிஸ்டன் இல்லை. விசிறி இல்லை. சுழல்வது, ஆடுவது, தேய்வது, எண்ணெய் கேட்பது என்று எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும் ஒரு குழாய், அவ்வளவுதான். முன்வாய் வழியாகக் காற்று நுழையும். நடுவில் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்த வேண்டும். சூடான காற்று பின்வாய் வழியாகச் சீறிக்கொண்டு போகும், விமானம் முன்னால் போகும்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். இந்த எஞ்சின் ஓட ஆரம்பிக்க வேண்டுமானால், அது ஏற்கெனவே பயங்கர வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேகத்தில் போகிற வாகனம் 1913இல் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த வருஷம் செப்டம்பரில் மோரிஸ் பிரெவோ என்பவர் டெபெர்துசான் விமானத்தை மணிக்கு 204 கிலோமீட்டரில் ஓட்டியதே உலக சாதனை. ஊரெல்லாம் கைதட்டியது. லொரானின் குழாய்க்கு அந்த வேகம் கொட்டாவி விடக்கூடப் போதாது. ஆக, மனிதர் எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டு, அதை ஓட்டிப் பார்க்கும் வேலையை அடுத்த தலைமுறையிடம் விட்டுவிட்டார்.

இன்று அந்தக் குழாயின் பெயர் ராம்ஜெட். அதன் வரலாறு முழுக்க ஒரே கதைதான்: இதை யார் தூக்கிக்கொண்டு போய், எப்படித் தள்ளிவிடுவது?

அந்தக் கூத்துக்குப் போகுமுன் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றில் எரிபொருளைக் கொளுத்தினால் மட்டும் உந்துதல் வந்துவிடாது. வந்திருந்தால் நம் வீட்டு கேஸ் அடுப்பு என்றைக்கோ கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். காற்றை முதலில் நெருக்க வேண்டும். நெருக்கிய காற்றில் எரித்தால்தான், அது விரியும்போது நமக்கு வேலை செய்து கொடுக்கும். சாதாரண ஜெட் எஞ்சினில் இந்த நெருக்கும் வேலையைச் செய்வது கம்ப்ரசர். வரிசை வரிசையாகத் தகடுகள், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று. அதைச் சுற்றுவதற்குப் பின்னால் ஒரு டர்பைன். எரித்துக் கிடைத்த சக்தியில் பெரும்பங்கை டர்பைன் பிடுங்கி, முன்னால் இருக்கும் கம்ப்ரசருக்கு அனுப்பிவிடும். மிச்சம் மீதிதான் விமானத்துக்கு.

லொரானின் யோசனை வேறு. விமானம்தான் காற்றை நோக்கி ஓடுகிறதே? விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் காற்றுதான் வேகமாக வந்து மோதுகிறது. அந்த வேகத்தைக் குறைத்தால் போதும். வாயில் குறுகலாக இருந்து உள்ளே போகப் போக அகலமாகும் குழாயில், ஒலிவேகத்துக்குக் கீழே ஓடும் காற்று தானாகவே மெதுவாகும். மெதுவாகும்போது அதன் ஓட்டத்தில் இருந்த சக்தி எங்கும் ஓடிப்போவதில்லை. அழுத்தமாகவும் சூடாகவும் மாறுகிறது. கம்ப்ரசர் செய்த வேலையைக் குழாயின் வடிவமே செய்துவிடுகிறது.

எவ்வளவு நெருக்கும் என்பதுதான் கேள்வி. பிரெவோவின் 204 கிலோமீட்டரில், காற்றை முழுக்க நிறுத்தினால்கூட அழுத்தம் வெறும் 2 சதவீதம்தான் ஏறும். ஒலிவேகத்தில் 0.6 பங்கு வேகம் இருந்தால் 27 சதவீதம். ஒலிவேகத்தையே தொட்டால், அதாவது மாக் 1இல், 1.9 மடங்கு. மாக் 2இல் ஏறக்குறைய 8 மடங்கு. மாக் 3இல் 37 மடங்கு. இது இன்றைய பயணிகள் விமான எஞ்சின்களின் கம்ப்ரசர்கள் அத்தனை தகடுகளையும் சுற்றிக் கஷ்டப்பட்டுக் கொண்டுவரும் அளவு. இந்தக் கணக்கெல்லாம் நடுவில் எந்த நஷ்டமும் இல்லையென்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் நஷ்டம் உண்டு, அதற்குப் பிறகு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் பலன் இரண்டு மடங்காவதில்லை, எகிறுகிறது. கீழ்வேகத்தில் உதவாக்கரை, மேல்வேகத்தில் மகாராஜா.

இரண்டு பக்கமும் திறந்திருக்கும் குழாயில் எரிக்கிறோமே, தீ முன்பக்கமாக வெளியே வந்து விமானியின் முகத்தில் அறையாதா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. எரியும் வாயு அடைத்த பெட்டிக்குள் இருந்தால் அழுத்தம் ஏறும். இங்கே பின்கதவு திறந்திருக்கிறது. சூடான வாயு அழுத்தத்தை ஏற்றுவதற்குப் பதிலாக வேகம் பிடித்துப் பின்னால் ஓடுகிறது. முன்னால் வந்து மோதும் காற்று உண்டாக்கிய அழுத்தத்தை அது தாண்டுவதில்லை. அதனால் முன்வாசலைக் காற்றே காவல் காக்கிறது. விமானம் நின்றால் காவல்காரரும் போய்விடுவார். அப்போது அது எஞ்சின் இல்லை, விலை உயர்ந்த அடுப்பு.

இப்போது கூத்துக்கு வருவோம். 1915இல், முதல் உலகப்போர் நடுவே, புடாபெஸ்டில் ஃபோனோ ஆல்பெர்ட் என்ற ஹங்கேரிய எஞ்சினியருக்கு நல்ல யோசனை ஒன்று வந்தது. வேகமாகப் போகிற விமானம்தானே இல்லை? வேகமாகப் போகிற பீரங்கிக் குண்டு இருக்கிறதே! குண்டுக்குள் இந்தக் குழாயை வைத்துவிட்டால், பீரங்கியே தள்ளிவிடும் வேலையைச் செய்யும். வெளியே வந்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டு இன்னும் வெகுதூரம் கொண்டுபோகும். ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்துக்கு எழுதி அனுப்பினார். ராணுவம் நிராகரித்தது. மீசை முறுக்கிய தளபதிகள் அந்தக் காகிதத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு: “குண்டு போகணும், வெடிக்கணும். அதுக்கு எதுக்குய்யா எஞ்சின்?” சில வருஷத்தில் அந்தப் பேரரசே காணாமல் போயிற்று. ஃபோனோ விடவில்லை. 1928இல் ஜெர்மனியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1932இல் வாங்கியும் விட்டார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தள்ளிவிடத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், பெட்ரோலே இல்லாமல் தவித்த ஜெர்மனியில், அலெக்சாண்டர் லிப்பிஷ் என்ற விமான வடிவமைப்பாளர் இந்தக் குழாயைக் கையில் எடுத்தார். அவருடைய பி.13ஏ ஒரு முக்கோண விமானம். எரிபொருள்? நிலக்கரி. சத்தியமாக நிலக்கரி. கம்பிவலைக் கூடையில் கரித்துண்டுகளைப் போட்டு, கூடையைக் காற்றோட்டத்தின் நடுவில் மெல்லச் சுழலவிட்டு எரிப்பது என்று திட்டம். ஒலிவேகத்தைத் தாண்டப் போகும் போர்விமானத்தில் இஸ்திரிப்பெட்டிக் கரி! ஆனால் சிரித்துவிட்டு யோசித்தால், அதில் தப்பு ஒன்றும் இல்லை. சுழலும் தகடுகள் இல்லாத எஞ்சினுக்குச் சாம்பல் பட்டுத் தேயும் என்ற பயம் கிடையாது. சூடு எங்கிருந்து வந்தாலும் சம்மதம். கரிவிமானம் பறக்கவே இல்லை. போர் முடியும்போது எஞ்சினே இல்லாத ஒரு சோதனை கிளைடர்தான் பாதி கட்டிய நிலையில் இருந்தது. அதை அமெரிக்கர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

குழாயை நிஜமாகவே முதுகில் கட்டிக்கொண்டு பறந்தவர்கள் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள்தான். பெயரும் மறுபடியும் ரெனே. ரெனே லெதுக், பிரெகே விமான நிறுவனத்தில் வேலை பார்த்த எஞ்சினியர். 1933இல் அவர் காப்புரிமை எடுத்தார். இருபது வருஷத்துக்கு முன்னாலேயே லொரான் இதை எழுதி வைத்திருந்தார் என்பது தொடங்கும்போது அவருக்குத் தெரியாது. அதே 1933இல் லொரான் காலமானார்.

லெதுக்கின் முதல் விமானம் 0.10. அரசாங்கம் 1930களின் இறுதியில் பணம் கொடுத்தது, வேலை நடந்தது, பிறகு போர் வந்தது, எல்லாம் நின்றது. விமானம் முழுதாக உருவானது போருக்குப் பிறகுதான். அதைப் பார்த்தவர்களுக்கு விமானத்தைப் பார்த்த ஞாபகம் வந்திருக்காது. பெரிய பீப்பாய் ஒன்றுக்கு இறக்கை முளைத்ததுபோல் இருக்கும். எஞ்சின் விமானத்துக்குள் இல்லை, விமானம்தான் எஞ்சினின் மேல்தோல். விமானி உட்காருவது பீப்பாயின் நட்டநடுவில், ஒரு கூர்மூக்கு அறைக்குள். அவரைச் சுற்றிலும் காற்று உள்ளே பாயும். அவர் முதுகுக்குப் பின்னால் வட்ட வட்டமாக எரிகலன்கள் எரியும். எஞ்சினுக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓட்டும் வேலைக்கு ழான் கொனோர் என்ற விமானி சம்மதித்தார்.

சொந்தமாக ஓடுபாதையில் ஓடிக் கிளம்ப இந்த விமானத்தால் முடியாது. எனவே லாங்கெடாக் என்ற நான்கு எஞ்சின் பயணிகள் விமானத்தின் முதுகில் இதை ஏற்றி உட்காரவைத்தார்கள். 1949 ஏப்ரல் 21. லாங்கெடாக் மேலே ஏறி, முடிந்த வேகம் பிடித்தது. கொனோர் பற்றவைத்தார், முதுகை விட்டு விலகினார். 12 நிமிடம் பறந்தார். எஞ்சின் பாதி பலத்தில்தான் எரிந்தது. வேகம் மணிக்கு 680 கிலோமீட்டர் வரை போனது. லொரான் எழுதி முப்பத்தாறு வருஷம் கழித்து, அந்தக் குழாய் தன் சொந்த உந்துதலில் மட்டும் ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு இறங்கும்போது வெறும் கிளைடர்போல் வந்து தரையைத் தொட வேண்டும். இன்னொரு தடவை சுற்றி வருகிறேன் என்று சொல்ல வழி கிடையாது.

இந்த 680ஐ மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். உயரத்தில் ஒலிவேகம் தரையைவிடக் குறைவு. அது சுமார் மாக் 0.6. அழுத்தம் 27 சதவீதம்தான் ஏறியிருக்கும். அந்த அளவு நெருக்கலில், எல்லாம் உத்தமமாக நடந்தால்கூட, எரிபொருளின் சூட்டில் சுமார் 7 சதவீதம்தான் உந்துதலுக்கான சக்தியாக மாறும். மிச்சம் 93 பங்கு பிரெஞ்சு வானத்தைக் கணப்பு காய வைத்தது. அதே காலத்து சாதாரண ஜெட் எஞ்சின்களில் கம்ப்ரசர் மூன்று மடங்குக்கு மேல் நெருக்கியது. லெதுக்கின் குழாய் தப்பான எஞ்சின் இல்லை. தப்பான வேகத்தில் சிக்கிக்கொண்ட எஞ்சின். மாக் 3இல் இதே கணக்கு 64 சதவீதம் காட்டும். ஆனால் மாக் 3 வரை போக வேண்டுமே!

லெதுக் முயன்றார். இரண்டு 0.10 விமானங்களும் 1951இலும் 1952இலும் விழுந்து நொறுங்கின. விமானிகள் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பிறகு பெரிதாக 0.21 வந்தது, இப்போது விமானி மூக்கு முனையில் ஒரு கண்ணாடிக் கூம்புக்குள் சாய்ந்து படுத்திருந்தார். அதற்கும் பிறகு 0.22. கம்ப்ரசரே வேண்டாம் என்று கிளம்பியவர் கடைசியில் 0.22இன் நடுவில் கம்ப்ரசர், டர்பைன் எல்லாம் உள்ள அட்டார் ஜெட் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார், தரையிலிருந்து கிளம்புவதற்காக. 1956 டிசம்பரில் அது பறந்தது. 1958இல் பணம் நின்றது. திட்டமும் முடிந்தது. லெதுக்கின் நிறுவனம் ஹைட்ராலிக் தொழிலுக்குப் போனது. இன்றும் ஹைட்ரோ லெதுக் என்ற பெயரில் பிரான்சில் இருக்கிறது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிஸ்டன் பம்புகள்.

இதற்குள் ராம்ஜெட்டுக்குத் தகுந்த வேலை கிடைத்துவிட்டது: ஏவுகணை. ராக்கெட் ஒன்று சில விநாடி எரிந்து ஒலிவேகத்துக்கு மேலே தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். மிச்சத்தைக் குழாய் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் தாலோஸ், பிரிட்டனின் பிளட்ஹவுண்ட் எல்லாம் இந்த ரகம். நம்மூர் ஆகாஷும் பிரம்மோஸும் இதே ரகம்தான். திரும்பி வந்து தரையிறங்க வேண்டிய தொல்லையும் இல்லை.

ஆனால் ஒலிவேகத்தைத் தாண்டியதும் காற்று குணம் மாறிவிடுகிறது. கீழ்வேகத்தில் அகலும் குழாயில் மெதுவான காற்று, மேல்வேகத்தில் அகலும் குழாயில் இன்னும் வேகம் பிடிக்கும். அதை மெதுவாக்கக் குழாயைக் குறுக்க வேண்டும். போதாததற்கு அதிர்ச்சி அலைகள். ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றுக்கு முன்னால் தடை இருப்பது முன்கூட்டித் தெரியாது. தெரிவிக்கும் சேதி ஒலிவேகத்தில்தானே போக வேண்டும். அதனால் ஒரு மெல்லிய சுவரில் மோதியதுபோல் சட்டென்று நெருங்கி, சூடாகி, மெதுவாகிறது. அந்தச் சுவர்தான் அதிர்ச்சி அலை. மாக் 3 காற்று நேர்குத்தான ஒரே அலையில் மோதினால், கிடைத்திருக்க வேண்டிய அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிவிடும். நான் பிறகு வருவோம் என்று சொன்ன நஷ்டம் இதுதான். ஒரே அடியாக அடிக்காமல், சாய்வான சில அலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கி, கடைசியில் ஒரு மென்மையான நேரலை வைத்தால் நஷ்டம் பாதிக்கு மேல் குறையும். இதைப் போர்க்காலத்தில் க்யோட்டிங்கனில் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிளாவுஸ் ஓஸ்வாடிட்ஷ். எஞ்சின் வாயில் கூர்மையான கூம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அது அழகுக்காக இல்லை. முதல் சாய்வலையைக் கிளப்புவது அந்தக் கூம்பின் முனை.

இந்தக் கூம்பு விவகாரத்தில் அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம்தான் பிரசித்தம். அதன் ஜே58 எஞ்சினில் கம்ப்ரசர் உண்டு. ஆனால் மாக் 3க்கு மேல் நெருக்கும் வேலையில் பெரும்பகுதியை முன்வாயே செய்துவிடும். வேகம் ஏற ஏற, கூம்பு 66 சென்டிமீட்டர் வரை பின்னால் நகர்ந்து அலைகளைச் சரியான இடத்தில் நிறுத்தும். கொஞ்சம் பிசகினால்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்திருக்கத் தாமதமானால், அடுத்த பந்திக்கு முண்டியடிக்கும் கூட்டம் உள்ளே நெருக்கி, ஒரு கட்டத்தில் மொத்தமாக வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். அதேபோல் உள்ளே அழுத்தம் மிஞ்சினால், கடைசி நேரலை வாய்க்கு வெளியே துப்பப்பட்டுவிடும். காற்று உள்ளே போகாமல் ஓரமாக வழியும், அந்தப் பக்க எஞ்சினின் உந்துதல் சட்டென்று செத்துப்போகும். இதற்கு விமானிகள் வைத்த பெயர் அன்ஸ்டார்ட். விமானம் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும், விமானியின் ஹெல்மெட் கண்ணாடியில் இடிக்கும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வைத்தியத்தைக் கேளுங்கள்: ஒரு பக்க எஞ்சின் படுத்தால், மறுபக்க எஞ்சினையும் தானாகவே படுக்க வைத்துவிடும் கருவி. இரண்டும் படுத்தால் விமானம் நேராகவாவது போகும் அல்லவா?

இதற்கிடையில் அமெரிக்கர்களுக்கு இன்னொரு யோசனை. குழாய்க்குச் சூடு எங்கிருந்து வந்தாலும் சரிதானே? லிப்பிஷ் கரி போட்டார். இவர்கள் அணு உலையைப் போட்டார்கள். திட்டத்தின் பெயர் புளூட்டோ. காற்று நேராக உலைக்குள் பாய்ந்து, ஏறக்குறைய ஐந்து லட்சம் பீங்கான் எரிபொருள் குச்சிகளுக்கு நடுவே சூடாகிப் பின்னால் வெளியேறும். குச்சிகளைச் செய்து கொடுத்தது கூர்ஸ் போர்சலின் கம்பெனி, கூர்ஸ் பீர் கம்பெனியின் உறவுக் கம்பெனி.

நெவாடா பாலைவனத்தில் சோதனை. இங்கேதான் லொரானின் பழைய சாபம் மறுபடி தலைகாட்டியது. ராம்ஜெட்டை ஓட்டிப் பார்க்க மாக் 3 காற்று வேண்டும். உலையோ ரயில்பெட்டியில் பூட்டி நிற்கிறது. எனவே எண்ணெய்க் கிணறுகளுக்குப் போடும் இரும்புக் குழாய்களை 40 கிலோமீட்டர் நீளத்துக்கு வாங்கிப் போட்டு, அதில் சுமார் 450 டன் காற்றை அடைத்து வைத்தார்கள். அதைச் சூடாக்கி உலைக்குள் ஊதினார்கள். 1964 மே மாதம் டோரி 2-சி என்ற உலை சுமார் 500 மெகாவாட் சூட்டில் எரிந்தது. எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். காற்று தீர்ந்துவிட்டது. எஞ்சின் பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் கதிர்வீச்சைக் கக்கிக்கொண்டு மரத்தின் உயரத்தில் மாக் 3இல் பறக்கும் ஒன்றை எந்த ஊருக்கு மேல் ஓட்டிப் பார்ப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. அந்த ஜூலையிலேயே திட்டத்தை இழுத்து மூடினார்கள். வரலாற்றில் அபூர்வமாகப் புத்தி வேலை செய்த தருணங்களில் அதுவும் ஒன்று.

சரி, ராம்ஜெட் வேகம் ஏற ஏறச் சிறப்பாகுமென்றால், மாக் 6, மாக் 10 என்று போய்க்கொண்டே இருக்கலாமே? முடியாது. மெதுவாக்கினால் காற்று நெருங்குகிறது என்று மட்டும் சொன்னால் பாதிக்கதை. அது சூடாகவும் செய்கிறது. உயரத்தில் காற்று பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். மாக் 3இல் அதை நிறுத்தினால் சுமார் 340 டிகிரி ஆகும். மாக் 5இல் ஆயிரத்துக்குப் பக்கம். மாக் 6இல் 1,400 டிகிரியைத் தொடும், இன்னும் ஒரு சொட்டு எரிபொருள் ஊற்றாமலேயே. அந்தச் சூட்டில் எரித்தால், கிடைக்கும் சக்தியில் நிறைய பங்கு மூலக்கூறுகளை உடைப்பதில் போய்விடும். வாயு வேகம் பிடிக்காது. எஞ்சின் சுவரும் தாங்காது.

அப்படியானால் காற்றை முழுக்க மெதுவாக்காதே என்றார்கள் சிலர். மாக் 6இல் வருவதை மாக் 2 அல்லது 3 வரை மட்டும் குறை. ஒலியைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எரித்துவிடு. இதுதான் ஸ்க்ராம்ஜெட். ராம்ஜெட்டோடு ஒப்பிட்டால் குழாயில் ஒரு வித்தியாசம்தான்: உள்ளே எங்கும் காற்று ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குவதில்லை. சொல்ல எளிது. விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் காற்று ஒரு மீட்டர் நீள எரிகலனை ஒரு மில்லிவிநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் எரிபொருள் கலக்க வேண்டும், பற்ற வேண்டும், எரிந்து முடிய வேண்டும். கலப்பதற்குக் குறுக்கே ஏதாவது நீட்டினால் அதுவே அதிர்ச்சி அலையைக் கிளப்பிக் காற்றை மெதுவாக்கிவிடும். பற்றிக்கொள்ளும் அவசரம் ஹைட்ரஜனுக்கு உண்டு, மண்ணெண்ணெய் ரகங்களுக்கு இல்லை.

1960களில் இதை ஆய்வுக்கூடத்தில் முன்னெடுத்தவர் அந்தோனியோ ஃபெர்ரி. ரோமுக்குப் பக்கத்தில் குய்தோனியாவில் முசோலினி காலத்து ஒலிமிஞ்சு காற்றுச்சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; 1943இல் ஜெர்மானியர்கள் வந்ததும் ஆராய்ச்சிக் காகிதங்களை மறைத்து வைத்துவிட்டு, மலையேறித் துப்பாக்கி தூக்கிய ஆள். அப்புறம் அமெரிக்கா போனார். கூடத்தில் எரிந்த ஸ்க்ராம்ஜெட், வானத்தில் எரிய 1991 வரை ஆயிற்று. அதைச் செய்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். நவம்பர் 28 அன்று கஜகஸ்தானில், பழைய விமான எதிர்ப்பு ஏவுகணையின் மூக்கில் எஞ்சினை மாட்டி விட்டார்கள். எஞ்சின் எரிந்தது, அடுத்த மாதம் சோவியத் யூனியன் அணைந்தது. சம்பந்தமில்லை.

நாசாவின் எக்ஸ்-43ஏவுக்கு வந்தால் லெதுக்கின் பீப்பாய் மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கும். 3.7 மீட்டர் நீளம், ஆள் இல்லை. அடிவயிறே காற்றை நெருக்கும் சரிவு, வால்பக்கமே வெளியேறும் வாய். இதை ஒரு பெகாசஸ் ராக்கெட்டின் மூக்கில் மாட்டி, ராக்கெட்டை ஒரு பி-52 குண்டுவிமானத்தின் இறக்கையில் தொங்கவிட்டார்கள். 2001 ஜூனில் முதல் முயற்சி. ராக்கெட்டின் துடுப்புகள் உடைந்து, சுற்ற ஆரம்பித்து, வெடிக்கவைத்து அழிக்க வேண்டியதாயிற்று. ஸ்க்ராம்ஜெட் கண் விழிக்கவே இல்லை. தூக்கிப் போனவர் சறுக்கினால் சுமையும் சறுக்கும். 2004 மார்ச்சில் மாக் 6.8. நவம்பரில் மாக் 9.6. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் எரிந்தது பத்து விநாடி சொச்சம். மொத்தத் திட்டச் செலவு சுமார் 23 கோடி டாலர். ஆக, எரிந்த ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு கோடி டாலருக்கு மேல்.

பத்து விநாடிக்கு மேல் ஏன் ஓட்டவில்லை? செம்பில் செய்த அந்த எஞ்சின் அதற்கு மேல் சூடு தாங்காது. அடுத்து வந்த எக்ஸ்-51ஏ அதற்கு ஒரு தந்திரம் செய்தது. எரிபொருளையே எஞ்சின் சுவருக்குள் ஓடவிட்டுச் சுவரைக் குளிரவைத்தது. அந்தச் சூட்டில் எரிபொருளின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து, சீக்கிரம் பற்றிக்கொள்ளும் பதத்துக்கு வந்தன. ஆனால் எஞ்சின் சூடானால்தான் எரிபொருள் பதத்துக்கு வரும், எரிபொருள் பதத்துக்கு வந்தால்தான் எஞ்சின் சூடாகும். எனவே முதலில் எத்திலீன் வாயுவில் பற்றவைத்து, பிறகு எரிபொருளுக்கு மாற வேண்டும். 2011 ஜூனில் எத்திலீனில் ஜோராகப் பற்றியது, எரிபொருளுக்கு மாறும் தருணத்தில் அன்ஸ்டார்ட். மறுபடி முயன்றும் எழவில்லை, கடலில் விழுந்தது. 2012 ஆகஸ்டில் எஞ்சினின் முறை வரவே இல்லை. ஒரு துடுப்பு தகராறு செய்தது. 2013 மே 1 அன்று, செய்து வைத்திருந்த நான்கில் கடைசியானது, மாக் 5.1இல் சுமார் மூன்றரை நிமிடம் எரிந்துவிட்டு, எரிபொருள் தீர்ந்து பசிபிக்கில் விழுந்தது. 2016 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ சோதித்த ஸ்க்ராம்ஜெட்டும் ராக்கெட்டின் முதுகில்தான் போனது. அது மாக் 6இல் 5 விநாடி எரிந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது, இரண்டு மணி நேரத்தில் லண்டனிலிருந்து சிட்னி என்று ஒரு பளபளப்பான ஸ்க்ராம்ஜெட் விமானத்தின் படத்தைப் பத்திரிகைகளில் போடுவார்கள். படத்தில் ஜன்னல், புன்னகைக்கும் பயணிகள் எல்லாம் இருக்கும். அடுத்த தடவை பார்க்கும்போது, டிக்கெட் விலையைக் கேட்காதீர்கள். ஓடுபாதையில் நிற்கிறதே, அதை முதலில் மாக் 4 வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்று கேளுங்கள். படத்தில் அந்த இரண்டாவது எஞ்சின் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.